'சாப்டாச்சா?' - பதில் தேவைப்படாத ஒரு கேள்வி!

மதியம் ஒன்றரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வருகிறார்.

"என்ன சார், சாப்டாச்சா?"

"ஆச்சு சார். நீங்க?"

"இப்பதான் ஆச்சு."

அவ்வளவுதான். இருவரும் படியில் நிற்கக்கூட இல்லை. ஒருவர் மேலே போய்விட்டார், இன்னொருவர் கீழே போய்விட்டார். கேட்டவருக்கு இவர் சாப்பிட்டாரா என்ற கவலை பெரிதாக இல்லை. பதில் சொன்னவர் உண்மையிலேயே சாப்பிட்டிருக்கவும் வேண்டியதில்லை. அவர் இன்னும் சாப்பிடாமல் பசியோடு வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தாலும், "ஆச்சு சார்" என்றுதான் சொல்லியிருப்பார். அதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டோம்.

ஏனென்றால் அது கேள்வியே அல்ல. கேள்வி உருவத்தில் இருக்கும் வணக்கம். 'உங்களைப் பார்த்தேன், நீங்கள் எனக்கு வேண்டியவர், நமக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற மூன்று விஷயங்களை அந்த ஒரே வார்த்தை சொல்லிவிடுகிறது.

போலந்தில் பிறந்த மானிடவியலாளர் ப்ரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1923-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒரு தனிப்பெயரே வைத்தார். பசிபிக் கடலில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள மக்களோடு பழகியவர் அவர். இரண்டு பேர் எதிரெதிரே வந்து பேசாமல் நின்றால் ஒரு சங்கடம் உண்டாகிறது. அதை உடைப்பதற்காகவே மனிதர்கள் சில வாக்கியங்களைப் பேசுகிறார்கள். அவற்றில் தகவல் முக்கியம் அல்ல, உறவுதான் முக்கியம் என்றார் அவர். இங்கிலாந்துக்காரர் வானிலையைப் பற்றிச் சொல்வதும், அந்தத் தீவுக்காரர் 'எங்கிருந்து வருகிறாய்?' என்று கேட்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது அவர் கணக்கு. நம் 'சாப்டாச்சா'வும் அதே வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு லாபம். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது இந்தக் கேள்வியை எங்கே கேட்கலாம், எங்கே வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது தெரியும். இன்னொன்று, உண்மையிலேயே ஒருவர் சாப்பிட்டாரா என்று தெரிந்தாக வேண்டிய நேரத்தில் எப்படிக் கேட்பது என்பதும் தெரியும். இரண்டாவதுதான் வீட்டில் அதிகம் தேவைப்படுகிறது.

எழுதப்படாத விதிகள்

நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் 'சாப்டாச்சா'வுக்கு விதிகள் இருக்கின்றன.

முதல் விதி, நேரம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு "டிபன் ஆச்சா?", பதினோரு மணிக்கு "காபி குடிச்சாச்சா?", ஒரு மணிக்கு மேல் "சாப்பாடு ஆச்சா?". மாலை ஐந்து மணிக்குப் போய் "சாப்டாச்சா?" என்றால், கேட்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இரண்டாவது விதி, ஆள். தினமும் பார்க்கிறவர்களிடம்தான் கேட்போம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை.

மூன்றாவது விதி, பதில். "ஆச்சு, நீங்க?" என்று கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "இல்லை" என்று சொன்னால் விஷயம் மாறிவிடும். உடனே எதிரில் இருப்பவருக்கு ஒரு பொறுப்பு வந்து சேரும். "அய்யய்யோ, மணி ரெண்டாச்சே! வாங்க, வீட்டுல ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க" என்று அவர் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரமத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் பலர் சாப்பிடாமலேயே "ஆச்சு" என்கிறார்கள். அப்படியே சாப்பிடவில்லை என்று சொன்னாலும் வெறும் "இல்லை" என்பதில்லை. "இன்னும் இல்லீங்க, இனிமேதான்" என்று மென்மையாக்கிவிடுவோம்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. "சாப்டியா?" என்றால் 'நீ'. "சாப்டீங்களா?" என்றால் 'நீங்கள்'. ஆனால் "சாப்டாச்சா?" என்பதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. வயதில் சிறியவர், ஆனால் அலுவலகத்தில் மேலதிகாரி. உறவில் சித்தப்பா, ஆனால் நம் வயதுதான் - இப்படிப்பட்டவர்களிடம் எந்த மரியாதையில் பேசுவது என்று குழம்பும்போது 'ஆச்சா' கைகொடுக்கிறது. ஒருமையா, பன்மையா என்று முடிவு செய்யாமலேயே அன்பைச் சொல்லிவிடலாம்.

இதே வார்த்தை செல்போன் திரையில் வரும்போது கொஞ்சம் கேலிக்கும் ஆளாகிறது. ஒரு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் "சாப்டியா?" என்று மட்டுமே அனுப்பும் பையனைப் பற்றி எத்தனை மீம்ஸ்! அதில் தவறு கேள்வியில் இல்லை. நேரில் பார்க்கும்போது வணக்கமாக இருக்கும் ஒன்று, எழுத்தில் பதில் கேட்டு நிற்கும் கேள்வியாக மாறிவிடுகிறது. முதல் நாள் அக்கறை, பத்தாவது நாள் தொல்லை.

இதே வழியில் நடப்பவர்கள்

எல்லை தாண்டிப் பெங்களூரு போனால் "ஊட்டா ஆயித்தா?" என்பார்கள். நம் "சாப்பாடு ஆச்சா?"வின் அச்சு அசல். காலையில் என்றால் "திண்டி ஆயித்தா?". கேரளத்தில் "ஊணு கழிஞ்ஞோ?". இங்கெல்லாம் நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை; மொழியை மாற்றினால் போதும்.

தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே கதைதான். மலாயில் "சுடா மாகான்?" என்றால் 'சாப்பிட்டாச்சா?'. சாப்பிட்டிருந்தால் பதில் "சுடா" - ஆச்சு. சாப்பிடவில்லை என்றால் "பெலும்" - இன்னும் இல்லை. மலாயில் 'இல்லை' என்பதற்கு வேறு சொல் இருக்கிறது; ஆனால் இந்தக் கேள்விக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. நம் "இன்னும் இல்லீங்க" போலத்தான். அங்குள்ள ஹொக்கியென் சீனர்கள் "ஜியா பா புவே?" என்பார்கள். 'சாப்பிட்டு வயிறு நிறைஞ்சதா, இன்னும் இல்லையா?' என்று பொருள்.

தாய்லாந்தில் "கின் காவ் ரூ யாங்?". இதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'சாப்பிடு - சோறு - அல்லது - இன்னும் இல்லை'. சீனாவில், முக்கியமாக வடக்கே பெரியவர்கள் நடுவில், "ச்சி லெ மா?". 'ச்சி' என்றால் சாப்பிடுவது, 'லெ' என்பது நம் 'ஆச்சு', 'மா' என்பது கேள்விக்கு நாம் சேர்க்கும் 'ஆ'. "ச்சி லெ, நீ நெ?" என்று பதில் வரும். 'ஆச்சு, நீ?' - நம் படிக்கட்டு உரையாடலேதான்! அங்கேயும் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் கேட்பார்கள். கழிவறை வாசலில் ஒருவரைப் பார்த்து வாய் தவறிக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கே பழைய நகைச்சுவை.

கொரியாவில் மரியாதைதான் முக்கியம். நண்பனிடம் "பாப் மொகொஸ்ஸொ?" - சோறு தின்னியா? அலுவலகத்தில் மூத்தவரிடம் அதே கேள்வி "ஷிக்ஸா ஹஷொஸ்ஸொயோ?" என்று ஆகிவிடும். தாத்தா பாட்டியிடம் கேட்கும்போது உணவுக்கான சொல்லே மாறி, 'ஜின்ஜி' என்ற உயர்ந்த சொல் வரும். கொரிய நாடகங்களைப் பார்த்து முதல் வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொண்டு மேலதிகாரியிடம் சொன்னால், நம் ஊரில் மேனேஜரைப் பார்த்து "தின்னியா?" என்று கேட்ட மாதிரி இருக்கும். நமக்கு இருக்கும் 'ஆச்சா' என்ற தப்பிக்கும் வழி அங்கே கிடையாது.

கொரியர்களிடம் இன்னொரு வாக்கியமும் உண்டு: "ஒன்ஜே பாப் ஹன்பொன் மொக்ஜா". 'ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம்' என்று அர்த்தம். இது பெரும்பாலும் விடைபெறும் வார்த்தை. நாள், நேரம் சொல்லாதவரை அது அழைப்பு அல்ல. "வியாழக்கிழமை மதியம் வர்றியா?" என்று கேட்டால்தான் அழைப்பு. நாம் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிப் பிரிகிறோமே, அதேதான்.

இந்த மொழிகள் பலவற்றில் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனித்தீர்களா? கொரிய 'பாப்', தாய் 'காவ்', சீன 'ஃபான்' எல்லாமே சோற்றையும் குறிக்கும், ஒரு வேளைச் சாப்பாட்டையும் குறிக்கும். அரிசி உண்ணும் ஊர்களில் சோறு என்பது தட்டில் இருக்கும் பல பண்டங்களில் ஒன்று அல்ல, அதுதான் சாப்பாடு. இட்லி, தோசை எத்தனை தின்றாலும் "இன்னும் சாப்பிடலை, டிபன்தான்" என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'பஞ்சத்தில் அடிபட்டவர்கள் என்பதால்தான் இப்படிக் கேட்கிறார்கள்' என்று ஒரு விளக்கம் எல்லா நாட்டிலும் சொல்லப்படுகிறது. கொரியாவில் அதற்கு ஒரு சாட்சியும் காட்டுவார்கள். போன வருட அரிசி தீர்ந்து, பார்லி இன்னும் அறுவடைக்கு வராத வசந்த கால மாதங்களை அவர்கள் 'பார்லி மேடு' என்று அழைத்தார்கள். ஏறிக் கடப்பதற்குக் கஷ்டமான மேடு. அந்தப் பசியின் நினைவு இந்தக் கேள்வியில் இருக்கலாம். ஆனால் பஞ்சம் மட்டுமே காரணம் என்றால் அயர்லாந்துக்காரர்களும் இப்படித்தான் கேட்க வேண்டும். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. அங்கே இப்படி ஒரு வணக்கம் வரவில்லை. ஆக, பசி மட்டும் போதாது. அடுத்தவர் வயிற்றைப் பற்றிக் கேட்பது உரிமையா, அத்துமீறலா என்று அந்தச் சமூகம் நினைப்பதையும் பொறுத்தது.

ஆங்கிலத்தில் ஏன் தடுக்கி விழுகிறது?

ஒரு கற்பனை உதாரணம். கோவையிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வேலைக்குப் போன இளைஞர். மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகச் சமையலறையில் காபி எடுக்கும்போது சக ஊழியரான பெண் வருகிறார். நம்மவர் பழக்கத்தில் கேட்கிறார்: "ஹேவ் யூ ஹேட் யுவர் லன்ச்?"

அவர் யோசித்து, "இல்லை, இன்னும் இல்லை... நீங்க வெளியே போறீங்களா?" என்கிறார்.

"இல்லையில்லை, நான் சாப்பிட்டாச்சு."

ஒரு நொடி மௌனம். அந்தப் பெண் புன்னகைத்துவிட்டுப் போகிறார். அடுத்த நாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். இப்போது அவர் மனதில் இரண்டு சந்தேகங்களில் ஒன்று வந்திருக்கும். 'நான் எப்போது சாப்பிடப் போகிறேன் என்று இவர் கணக்கெடுக்கிறாரா?' அல்லது, 'என்னைத் தனியாக அழைக்க நினைத்துத் தயங்குகிறாரா?'

என்ன நடந்தது? ஆங்கிலத்தில் இந்தக் கேள்வி ஓர் அழைப்புக்கு முன்னால் விடும் தூது. "இன்னிக்கு ஈவ்னிங் ஃப்ரீயா?" என்று யாராவது நம்மைக் கேட்டால், அடுத்து 'சினிமாவுக்கு வர்றியா?' என்றோ, 'ஒரு உதவி பண்றியா?' என்றோ வரும் என எதிர்பார்க்கிறோம் இல்லையா? "ஃப்ரீதான்" என்று சொன்ன பிறகு, "சரி, வர்றேன்" என்று அவர் போய்விட்டால் நமக்கு எப்படி இருக்கும்? மான்செஸ்டர் பெண்ணுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மதிய நேரத்தில் 'லன்ச் ஆச்சா?' என்று கேட்டால், 'வாங்க, சேர்ந்து போகலாம்' என்பது அடுத்து வர வேண்டும். வரவில்லை. வாக்கியம் பாதியில் நிற்கிறது.

அப்படியானால் என்ன சொல்வது? 'சாப்டாச்சா'வின் சொற்களை மொழிபெயர்க்காமல் அதன் வேலையை மொழிபெயர்க்க வேண்டும். அது மூன்று துண்டுகளாக நடக்கும் பேச்சு: கேள்வி, பதிலோடு திருப்பிக் கேட்பது, முடிப்பது. அதே மூன்று துண்டு ஆங்கிலத்திலும் இருக்கிறது.

"ஹவ்ஸ் யுவர் டே கோயிங்?"

"நாட் பேட், யுவர்ஸ்?"

"பிஸி, பட் ஃபைன்."

முடிந்தது. உண்மையிலேயே சேர்ந்து சாப்பிட வேண்டுமானால் முதலில் தன் திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும்: "ஐம் கோயிங் டு கெட் சம் லன்ச், வுட் யூ லைக் டு ஜாயின்?" இதில் தூது இல்லை, நேரடி அழைப்பு. வரலாம், மறுக்கலாம்.

இங்கிலாந்தில் இன்னும் எளிய வழி வானிலை. "பிட் சில்லி டுடே" என்றால் போதும். ஒரு விதி மட்டும் உண்டு. எதிரில் இருப்பவர் சொன்னதை ஆமோதிக்க வேண்டும். ஆங்கிலேயர்களின் பழக்கங்களைப் பற்றி 2004-ல் வெளிவந்த 'வாட்சிங் தி இங்க்லிஷ்' என்ற புத்தகத்தில் கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர் இதை விளக்குகிறார். 'குளிரா இருக்குல்ல?' என்பதற்கு 'ஆமாம், இல்ல?' என்பதுதான் பதில். "எங்க ஊர் வெயிலைப் பார்த்தா இது ஒண்ணுமே இல்லை" என்று வாதாடக் கூடாது. அவர் வெப்பநிலையைப் பற்றிப் பேசவே இல்லை.

அங்கே நம்மவர்கள் தடுமாறும் இன்னொரு வார்த்தை, "யூ ஆல்ரைட்?". 'உங்களுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்பதாக நினைத்து, 'என் முகம் வாடியிருக்கிறதோ' என்று கண்ணாடியைப் பார்க்க ஓடுவோம். தேவையில்லை. அது அவர்களுடைய 'சாப்டாச்சா'. "யா, யூ?" என்று திருப்பிக் கொடுத்தால் போதும். அமெரிக்காவில் "ஹவ்ஸ் இட் கோயிங்?" என்று கேட்டபடியே நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். "குட், யூ?" என்று நாமும் நடந்துகொண்டே சொல்லலாம். முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்தால், அவர் தினமும் வேறு வழியாகப் போக ஆரம்பித்துவிடுவார்.

தவறு ஆங்கிலத்தில் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது. சென்னை அலுவலகத்தில் "ஹேட் யுவர் லன்ச்?" என்பது பிரமாதமாக வேலை செய்கிறது. சிங்கப்பூரில் "ஈட் ஆல்ரெடி?" என்று ஆங்கிலத்திலேயே கேட்கிறார்கள். அங்கே ஆங்கிலத்துக்குள் நம் ஊர்ப் பழக்கம் குடியேறிவிட்டது.

ஜெர்மனி, ஜப்பான், வளைகுடா

ஜெர்மனியில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவாக்கில் எதிரே வருபவர் "மால்சைட்!" என்பார். 'சாப்பாட்டு வேளை' என்று பொருள். அது கேள்வி அல்ல, அழைப்பும் அல்ல. நாமும் "மால்சைட்!" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சிலருக்கு அது பழங்காலத்து வார்த்தையாகத் தெரியும். அவர்கள் "ஹலோ" என்பார்கள். கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு: "வீ கேட்ஸ்?" என்றால் 'எப்படி இருக்கீங்க?'. ஆங்கிலேயரைப் போல் அதைப் போகிற போக்கில் வீசிவிட்டுப் போகாதீர்கள். பல ஜெர்மானியர்கள் நிஜமாகவே பதில் சொல்வார்கள். நின்று கேட்க வேண்டும்.

ஜப்பானியர்களும் அரிசி உண்பவர்கள்தான். அவர்களுடைய 'கொஹான்' என்ற சொல் சோற்றையும் சாப்பாட்டையும் சேர்த்தே குறிக்கிறது. ஆனாலும் அலுவலகத்தில் அவர்களுடைய வழக்கமான வணக்கம் சாப்பாடு அல்ல, உழைப்பு. காலையில் "ஒஹாயோ கொஸாய்மாஸ்". அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் பார்த்தாலும், தொலைபேசியில் பேசினாலும், வேலை முடிந்து கிளம்பினாலும் "ஒட்ஸுகாரெசமா தெஸ்". 'களைத்திருப்பீர்கள், நன்றி' என்பது போல ஒரு பொருள். புத்தகத்தில் முதல் பாடமாக வரும் "கெங்கி தெஸ் கா?" என்பதை (நலமா?) தினமும் பார்க்கிறவரிடம் கேட்பதில்லை, ரொம்ப நாள் கழித்துப் பார்த்தால்தான்.

வளைகுடா நாடுகளுக்கு நம் ஊரிலிருந்து போனவர்கள் இல்லாத தெரு இருக்காது. அங்கே முதலில் "அஸ்ஸலாமு அலைக்கும்". பதில் "வ அலைக்கும் அஸ்ஸலாம்". அதற்குப் பிறகு வருவதுதான் அவர்களுடைய 'சாப்டாச்சா'. ஆணிடம் "ஷ்லோனக்?", பெண்ணிடம் "ஷ்லோனிச்?". சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் நிறம் என்ன?' என்று அர்த்தம்! யாரும் நிறத்தைப் பதிலாகச் சொல்வதில்லை. "ஸேன், அல்ஹம்துலில்லா" - நல்லா இருக்கேன், இறைவனுக்கு நன்றி - என்பதே பதில். பிறகு உடல்நலம், செய்தி என்று இன்னும் ஒன்றிரண்டு விசாரிப்புகள் வரும். அவற்றைத் தாண்டிக் குதித்து நேராக வேலை விஷயத்துக்கு வருவது அங்கே மரியாதைக் குறைவு. ரமலான் மாதத்தில் பகலில் 'சாப்டாச்சா?' என்று நாக்கு நுனிவரை வந்தாலும் நிறுத்திவிட்டு, "ரமலான் கரீம்" என்று சொல்லுங்கள்.

அது நிஜக் கேள்வியாகும்போது...

இனி நம் வீட்டுக்கே வருவோம். ஒரு கேள்வி வணக்கமாக மாறிவிட்டால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் கேள்வியால் இனி உண்மையைத் தெரிந்துகொள்ள முடியாது. 'சாப்டாச்சா?' என்றதும் 'ஆச்சு' என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டுமானால், குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுத்திருக்கக் கூடாது. ஊழியர் கேட்கிறார்: "சாப்டீங்களாம்மா?" அம்மா சொல்கிறார்: "இல்லப்பா." அவர் பொய் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்குச் சர்க்கரை போட்ட காபியும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்தார்தான். ஆனால் நம் மொழியில் காபி 'குடிப்பது', பிஸ்கட் 'கொறிப்பது'. இரண்டும் 'சாப்பாடு' ஆகாது. ரத்தத்துக்கு இந்த இலக்கணம் தெரியாது. சர்க்கரை அளவு கூடுதலாக வரும். அதை நம்பி மருந்தும் கூடலாம். ஆகவே கேட்க வேண்டிய விதம் இது: "கடைசியா எத்தனை மணிக்கு, என்ன எடுத்தீங்க? காபி, டீ, பால், பிஸ்கட், பழம் ஏதாவது?"

அறுவை சிகிச்சைக்கு முன்னால் இது இன்னும் முக்கியம். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருப்பதால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். பால் கலந்த காபியும் அந்தக் கணக்கில் உணவுதான். மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் பிறகு வாயில் போனது எதுவாக இருந்தாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, தினமும் நடப்பது. பிள்ளைகள் வெளியூரில், அப்பாவோ அம்மாவோ தனியாக ஊரில். இரவு எட்டரைக்குப் போன். "சாப்டாச்சாப்பா?" "ஆச்சும்மா. நீ?" போன் வைத்தாகிவிட்டது. படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன அதே பதில். அதே காரணம்தான், எதிரில் இருப்பவருக்குச் சிரமம் வேண்டாம் என்பது. ஒருவருக்காக எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது என்று அவர் இரண்டு பிரெட் துண்டோடு படுக்கப் போகலாம். இன்சுலினோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், இரவில் சர்க்கரை அளவு ஆபத்தாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று அது காட்டும்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இதற்கு மாற்றுக் கேள்வியும் நம் மொழியிலேயே இருக்கிறது. 'ஆச்சு' என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "இன்னிக்கு என்ன கொழம்பு வெச்சீங்க?" என்று கேளுங்கள். சமைத்தவர் "வெண்டைக்காய் சாம்பார்தான், கொஞ்சம் உப்பு கூடிப்போச்சு" என்று விவரமாகச் சொல்வார். சமைக்காதவர் "ஏதோ இருந்துச்சு, சாப்பிட்டேன்" என்பார். அந்த 'ஏதோ' வந்தால், "மதியம் வெச்சது மிச்சம் இருக்கா?", "மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க, சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்க வேண்டும். விசாரணை மாதிரி இல்லாமல், "நாங்க இன்னிக்கு உப்புமாதான்" என்று நம் வீட்டுச் சமையலை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால், அவர்களும் சொல்வார்கள்.

'சாப்டாச்சா?'வை விட்டுவிடச் சொல்லவில்லை. போனை எடுத்ததும் அதில்தான் ஆரம்பிக்க வேண்டும்; அது வணக்கம். "ஆச்சு" என்று பதில் வரட்டும். அதற்குப் பிறகு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அதுதான் கேள்வி.